காலி என்றொரு சொல்லும் 493 ரூபாயும்

நீண்ட பதிவு. கணக்கும் வருகிறது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளக்கூடிய நண்பர்கள் மட்டும் தொடரலாம்.

செகந்திராபாத்தில் ஒரு கார் பழுதுபார்க்கும் பணிமனையில் கடந்த ஆண்டு சில மாதங்கள் களப்பணி செய்தேன். தெலுங்கும் தக்கனியும் கலந்து புழங்கும் அந்த இடத்தில், வேலை நடக்கும்போது எந்த மொழியில் ஏவுகிறார்கள், ஓய்வில் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே என் ஆய்வுக் கேள்வி. மூன்று மெக்கானிக்குகள், ஓர் உதவியாள் பையன், உரிமையாளர் என ஐந்து பேர். உரிமையாளரை நான் அன்னா என்று அழைப்பேன். அவர் என்னை அம்மா என்பார். பன்னிரண்டு வேலை நாள்கள் காலை முதல் மாலை வரை ஒலிப்பதிவு செய்து, யார் எந்த வண்டியில் எப்போது கை வைத்தார், எப்போது எடுத்தார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதினேன். பின்னர் அனைத்தையும் எலான் மென்பொருளில் நேர வரிசைப்படி குறியிட்டேன்.

ஒரு மாலை அன்னா, மூவரில் இளைய மெக்கானிக்கை அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். காரணம் ஒரே சொல்: ‘காலி’. பையன் பாதி நேரம் காலியாக உட்கார்ந்திருக்கிறான், மாதம் இருபதாயிரம் சும்மா போகிறது என்றார். “உன்னிடம்தான் எல்லாம் பதிவாகியிருக்கிறதே, யார் எவ்வளவு நேரம் காலியாக இருந்தான் என்று எடுத்துக்கொடு” என்றும் கேட்டார்.

இங்கே நான் சற்றுத் திகைத்து நின்றேன். அந்த மூவரிடமும் நான் கையொப்பம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில், பதிவுகள் மொழி ஆய்வுக்கு மட்டுமே என்று எழுதியிருந்தது. ஒருவனுடைய பேச்சைக் கேட்கிறேன் என்று சொல்லி வாங்கிய அனுமதியைக்கொண்டு அவன் வேலையை அளந்து கொடுப்பது எப்படிச் சரியாகும்? மறுநாள் மூவரையும் தேநீர் வேளையில் கேட்டேன். தனித்தனி ஆள் கணக்கு வேண்டாம், மூவருக்கும் பொதுவான சராசரி என்றால் கொடுக்கலாம் என்றார்கள். இளையவர் மட்டும் ஒன்று சேர்த்துக் கேட்டார்: “பில்லில் கூலி முந்நூறு, என் கைக்கு வருவது நூறுகூட இல்லை. மீதி எங்கே போகிறது என்பதையும் அதில் போடுவீர்களா?”

அந்தக் கேள்வி நியாயமானது. அன்னா மணிக் கணக்கில் கூலி வாங்குவதில்லை. கிளட்ச் மாற்ற இவ்வளவு, பிரேக் பேடுக்கு இவ்வளவு என்று வேலைக்கு ஒரு தொகை. ஆனால் பில்களில் உள்ள கூலித் தொகையை, அந்த வேலைகளில் செலவான நேரத்தால் வகுத்தால் சராசரியாக மணிக்கு 300 ரூபாய் வந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி இதற்கு மேல். அது அரசுக்குப் போவது, இக்கணக்கில் சேராது. சம்பளமோ மாதம் 20,000. இருபத்தாறு நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 96 ரூபாய். அன்னாவின் மனக்கணக்கும் இளையவரின் மனக்கணக்கும் இந்த ஒரே வகுத்தல்தான். ஒருவருக்கு அது 204 ரூபாய் லாபமாகத் தெரிந்தது, மற்றவருக்கு 204 ரூபாய் சுரண்டலாக. ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பணம் எவர் கையிலும் இல்லை.

பிழை, கீழே நிற்கும் எண்ணில் இருக்கிறது. சம்பளம் கொடுக்கும் மணி வேறு, வாடிக்கையாளரிடம் வாங்க முடிந்த மணி வேறு. ஓர் ஆண்டின் 365 நாளில் ஞாயிறு 52 போக 313. பண்டிகை விடுமுறை பத்து போக 303. காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு ஏறக்குறைய பதினைந்து நாள்; மிஞ்சுவது 288. உணவுக்கும் தேநீருக்கும் போக நாளுக்கு எட்டு மணி என்றால் ஒருவர் பணிமனையில் நிற்பது ஆண்டுக்கு 2,304 மணி. அந்த எட்டு மணியில் பில்லில் ஏறிய நேரம் எவ்வளவு என்று என் பதிவுகளில் பார்த்தால், சராசரி ஐந்து மணிதான். ஆக, விற்க முடிந்தது 1,440 மணி.

மேலே நிற்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். தசராவுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுப்பதால் ஆண்டுச் செலவு பதின்மூன்று மாதச் சம்பளம், 2,60,000. ஐந்தே பேர் என்பதால் இங்கு இஎஸ்ஐ, பிஎஃப் இல்லை. பத்துப் பேரானால் இஎஸ்ஐயும் இருபதானால் பிஎஃப்பும் வந்து சேரும். நான் முதல் வரைவில் விடுப்பு நாள்களுக்கான சம்பளம் என்று 11,500 ரூபாயைத் தனியாகக் கூட்டியிருந்தேன். அன்னா தாளைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டார். “அந்தப் பதினைந்து நாளுக்கு நான் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லையே அம்மா, மாதச் சம்பளத்திலேயே அது வந்துவிட்டதே.” விடுப்பை மணியில் கழித்தாயிற்று, செலவில் மறுபடி கூட்டினால் ஒரே விடுப்பை இருமுறை எண்ணியதாகும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், முனைவர் பட்ட ஆய்வாளரின் கணக்கைத் திருத்திய இடம் இது. அடித்து எழுதினேன்.

2,60,000-ஐ 1,440-ஆல் வகுத்தால் 181 ரூபாய். விளக்கு எரிய ஒரு பைசா சேர்க்காமலே 96 என்பது 181 ஆகிவிட்டது. சம்பளம் கூடவில்லை; விடுப்பும் போனஸும் காத்திருப்பும் விற்ற மணிகளின் தலையில் ஏறியிருக்கின்றன.

அடுத்து மேல்செலவு. வாடகை மாதம் 40,000 வீதம் ஆண்டுக்கு 4,80,000. கம்ப்ரசரும் லிஃப்டும் தின்னும் மின்சாரம் 1,08,000. உதவியாளுக்குப் போனஸோடு 1,56,000. அவன் நேரம் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. லிஃப்ட், கம்ப்ரசர், ஸ்கேனர் ஆகியவற்றுக்குக் கொடுத்த 4,20,000-ஐ ஏழு ஆண்டுக்குப் பிரித்தால் 60,000. கழிவுத்துணி, கிரீஸ் போன்றவை 60,000. காப்பீடு, கணக்கர், தொலைபேசி, தேநீர் எல்லாம் 66,000. இவ்வளவோடு அன்னா நிறுத்திக்கொண்டார். உங்கள் சம்பளம் எங்கே என்றேன். எனக்கென்ன சம்பளம், மிஞ்சுவதுதான் என்னுடையது என்றார். வேறொரு பணிமனையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தால் என்ன தருவார்கள் என்று கேட்டபோது, தயங்காமல் 35,000 என்றார். ஆண்டுக்கு 4,20,000, அதையும் எழுதினோம். மொத்த மேல்செலவு 13,50,000.

மூவரின் சம்பளம் 7,80,000-ஐயும் சேர்த்தால் 21,30,000. மூவர் விற்ற மணி 4,320. வகுத்தால் மணிக்கு 493 ரூபாய். அவர் வாங்கியது 300. ஐந்து மணி பிடிக்கும் ஒரு சிறு காரின் கிளட்ச் வேலைக்கு அவர் வாங்கிய கூலி 1,500, அடக்கமோ 2,465.

அப்படியானால் பணிமனை எப்போதோ மூடியிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். உதிரிபாகத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் காப்பாற்றியிருக்கிறது. அது ஆண்டுக்கு ஒன்பது லட்சம் அளவில் இருந்தது. கூலியில் விழும் எட்டே கால் லட்சத்துக்கும் சற்று மேலான குழியை அது நிரப்பியது. உதிரிபாகமும் அதே இடத்தையும் அதே தொலைபேசியையும் பயன்படுத்துவதால் மேல்செலவில் ஒரு பங்கை அதன்மேல் ஏற்றுவதே முறை. மூன்றில் ஒரு பங்கை ஏற்றினால் மணியின் அடக்கம் 389 ஆகக் குறைகிறது. எந்தப் பங்கு சரி என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஆனால் இணையத்தில் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்து “பொருத்தி மட்டும் கொடுங்கள்” என்னும் வாடிக்கையாளரிடம் அந்த வாதத்துக்கு வழியில்லை. அவருடைய மணி முழுமையாக 493-ஐச் சுமந்தாக வேண்டும். அன்னா அவர்களிடமும் அதே கூலிதான் வாங்கிக்கொண்டிருந்தார்.

இனி ‘காலி’. விற்காத அந்த மூன்று மணி நேரத்தைக் குறியீடுகளைக்கொண்டு பிரித்தேன். உதிரிபாகம் வரும்வரை காத்திருப்பு 80 நிமிடம். உதவியாள் ராணிகஞ்சுக்கு ஸ்கூட்டரில் சென்று திரும்பும் நேரம் இது. செலவைச் சொல்லி வாடிக்கையாளரின் சம்மதத்துக்குக் காத்திருப்பு 25. திரும்பி வந்த வண்டிகளுக்கு இலவசமாகச் செய்த மறுவேலை 30. வண்டியை நகர்த்துதல், துப்புரவு, ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் 30. செய்ய வண்டியே இல்லாமல் இருந்தது வெறும் 15 நிமிடம். தமிழில் நாம் ‘சும்மா இருத்தல்’ என்பதைப்போல, அங்கே ‘காலி’ என்ற சொல் முதல் வகையையும் கடைசி வகையையும் ஒன்றாகவே மூடிவிடுகிறது. ஆள் மிகையாக இருந்தால் கடைசி வகை பெருகியிருக்கும். இங்கே பெருகியிருந்தது முதல் வகை. அது ஆளின் குறையன்று, பாகம் வந்துசேரும் முறையின் குறை.

ஒருவரை அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்தோம். சம்பளம் 2,60,000 குறையும். வாடகை குறையாது, லிஃப்ட் குறையாது. இருவர் விற்பது 2,880 மணி. மணியின் அடக்கம் 649 ஆகிறது. மூவரையும் வைத்துக்கொண்டு ஆளுக்கு நாளில் அரை மணி நேரம் கூடுதலாக விற்க முடிந்தாலோ அது 448. அன்னா இந்த இரு எண்களையும் வட்டமிட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. வண்டி வரத்தே குறைந்துபோன பணிமனைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மூன்றாமவருக்கு விற்க மணி இருக்காது. பன்னிரண்டு நாள் அளவீடு ஆண்டு முழுவதற்கும் பேசுமா என்ற ஐயமும் எனக்கு இருந்தது. மழைக்காலத்து வண்டிகள் வேறு வகையானவை.

இளைய மெக்கானிக்குக்கும் தாளைக் காட்டினேன். 493-இல் தம்மைப் போன்றவர்களுக்கு 181, வாடகைக்கு 111, அன்னாவுக்கு 97 என்று விரலை வைத்துக்கொண்டே போனார். “அன்னாவுக்கு 97தானா?” என்றவர், சிறிது நேரம் கழித்து, “ஆனால் எனக்கு மாதம் இருபதாயிரம்தானே” என்றார். இரண்டும் உண்மை.

அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். மாலையில் வரும் வண்டிகளை அன்றே அவிழ்த்துப் பார்த்து, வேண்டிய பாகங்களை ஒரே பட்டியலாக எழுதி, காலையில் கடை திறந்தவுடன் ஒரே நடையில் வாங்கி வருகிறார்கள். கூலியை 400 ஆக்கினார்கள். சொந்தப் பாகம் கொண்டுவருபவர்களுக்கு 500. பழைய வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்துச் சென்றபோது ஜாப் கார்டுகளில் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதத் தொடங்கியிருந்தார்கள்; சராசரி ஐந்து மணி இருபது நிமிடம்.

எனக்குத்தான் ஒரு சிக்கல். என் ஆய்வேட்டுக்கு வேண்டிய நீண்ட உரையாடல்கள், தெலுங்கிலிருந்து தக்கனிக்குத் தாவும் அழகான இடங்கள் அனைத்தும், அந்த 80 நிமிடக் காத்திருப்பில்தான் நிகழ்ந்திருந்தன. இரண்டாம் சுற்றுப் பதிவில் பெரும்பாலும் ஸ்பானர் எண்களே இருக்கின்றன.