சைலன்சர் சொன்ன ரகசியம்

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சத்தம் புதிதல்ல. அறுபத்துமூவர் உற்சவத்துக் கூட்டத்தில் தூங்கிப் பழகிய காது என்னுடையது. ஆனால் தி. நகர்ச் சந்து ஒன்றில் என் மருமான் விலை பேசிய 2017-ஆம் வருஷத்துக் கிளாசிக் 350 உறுமியபோது, எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. மருமான் முகத்திலோ பரமானந்தம்!

"கம்பெனி சைலன்சர் எங்கே?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்? புதுப்பேட்டையில போட்டாச்சு" என்றார் விற்பவர்.

முன்பணத்தைப் பிறகு தருகிறோம் என்று சொல்லி, வண்டியை எனக்குப் பழக்கமான மயிலாப்பூர் மெக்கானிக்கிடம் ஓட்டிச் சென்றோம். வழியில் ஆக்ஸிலரேட்டரைத் தணித்தபோதெல்லாம் பின்னால் பட்டாசு வெடித்தது. மருமான் அதையும் ரசித்தான்.

மெக்கானிக் ரசிக்கவில்லை. எஞ்சினிலிருந்து வளைந்து வரும் குழாய் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டினார். அந்த எஞ்சினுக்கு இரண்டு பிளக்குகள், ஒன்றைக் கழற்றினார். இளம் பழுப்பாய் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"சைலன்சரை மாத்தினவரு கார்புரேட்டர் ஜெட்டை மாத்தல சார். புகை தடையில்லாம வெளியே போவுது, காத்து கூட வருது, பெட்ரோல் மட்டும் அதே அளவு. சூடு ஏறும்."

அந்தச் சூட்டை முதலில் அனுபவிப்பது புகை வெளியேறும் வால்வாம். வால்வு தேறியதா என்று பார்க்கும் உபாயம் எளிது. பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும்படி வைத்து, வண்டி நகராமல் கியரில் பிடித்துக்கொண்டார். பிளக் துவாரம் வழியாகக் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தினார்.

"தம்பி, சைலன்சர் வாயில காதை வைங்க."

தெருவையே அலற வைத்த அந்தக் குழாய் இப்போது 'உஸ்' என்று ரகசியம் பேசியது. வால்வு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். காற்று எஞ்சின் எண்ணெய் அறையின் மூச்சுக்குழாயில் சீறியிருந்தால் பிஸ்டன் வளையத்தைச் சந்தேகிக்கலாமாம். ஹெட்டைப் பிரித்தால்தான் செலவு தெரியும் என்றார்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டு இதே சைலன்சரை வெச்சுக்கலாமா?" என்றான் மருமான். ஆசை யாரை விட்டது!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவைச் சொன்னேன். ஒலிக் கட்டுப்பாட்டை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் கிடையாது. 'வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது' என்று அடையாறு சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரிடம் சொல்லிப் பயனில்லை, ஓட்டுகிறவன்தான் பிடிபடுவான்.

அவன் பதில் பேசவில்லை. மறுபடி ஒருமுறை குனிந்து, குழாயில் காதை வைத்துக் கேட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்த முன்பணக் கவரை எடுத்து, "மாமா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று நீட்டினான்.