ஒரு பேரில் இரண்டு பேர்

மூதூர்ப் புளியடியில் ஒரு கல் நிற்கிறது. 1893இல் நட்ட கல். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆன் என்ற கப்பலின் கப்டன் ராபர்ட் நொக்ஸ் 1660இல் இங்கே பிடிபட்டார், கண்டி அரசனிடம் 19 வருடம் கைதியாக இருந்தார் என்பது அதன் செய்தி. நான் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டேன். அது பிழை என்று தெரியவரப் பல வருடம் ஆனது.

பிடிபட்டவர்கள் தகப்பனும் மகனும். இரண்டு பேருக்கும் பேர் ராபர்ட் நொக்ஸ். கப்டன் தகப்பன்; அவர் 1661இலேயே காய்ச்சலில் இறந்துபோனார். 19 வருடம் இருந்து, 1679இல் தப்பி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் மகன். கல்லிலே இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். பேரில் அவர்களைப் பிரிக்க ஒன்றும் இல்லை.

அம்மம்மா இருந்திருந்தால் இது நடந்திராது. அவ மட்டக்களப்புப் பக்கம். அம்மப்பா கொட்டியாரத்தில் வயல் வாங்கியபோது மூதூருக்கு வந்தவ. வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி, "நீ ஆர்ர பிள்ளை?" என்பதுதான். தகப்பன் பேரைச் சொன்னால் போதாது. "அது சரி மனே, ஆர்ர வயித்துப் பிள்ளை?" என்று மறுபடி கேட்பா. தாயின் பேர் வந்ததும் குடி தானாகவே வந்துவிடும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று அவ விரல் மடித்துச் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. கிழக்கில் குடி தாய்வழி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் வண்ணக்கர் பொறுப்பும் குடிவழியில்தான் போகும். ஆனால் இத்தனை பெரிய செய்தி எவருடைய பேரிலும் இல்லை. எழுத்தில் தகப்பனின் முதலெழுத்து மட்டும் நிற்கிறது. தாயும் குடியும் கிழவிகளின் வாயில்தான் இருந்தன. கிழவிகள் போனால் அதுவும் போய்விடும்.

அதனால்தான் என் நாவலுக்குக் கழிமுகத்தில் வாழும் ஒரு சனத்தைக் கற்பனை செய்தபோது, அம்மம்மாவின் கேள்விக்குப் பேரே பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர்களுக்கு நான் வைத்த குடிகள் கண்டல், கொக்கு, சிப்பி, உவர்.

முதலில் தாயின் முழுப்பேரையும் தகப்பனின் முழுப்பேரையும் பிள்ளையின் பேருக்கு முன்னால் சேர்த்துப் பார்த்தேன். முதல் தலைமுறையில் ஒரு பேர், அடுத்ததில் 3, அதற்கடுத்ததில் 7, நாலாவதில் 15. தொட்டிலில் வைத்துக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிடும். ஆகவே பெற்றவர்களின் இடுபேரை மட்டும் எடுப்பது, அவர்களுக்கு முன்னால் உள்ளவற்றை விட்டுவிடுவது என்று விதி வைத்தேன். எத்தனை தலைமுறை போனாலும் பேர் நீளாது.

இதற்குக் கிட்டிய ஒன்று மலையாளத்தில் இருக்கிறது. வி.கே. கிருஷ்ண மேனோனின் முதலெழுத்து வெங்ஙாலில், அது தாயின் தறவாடு. இரண்டாவது தகப்பனான கிருஷ்ணக் குறுப்பின் பேர். குடியும் தகப்பனும் வந்துவிட்டார்கள். தாயின் சொந்தப் பேர்தான் இல்லை. நான் அதையும் சேர்த்தேன். கண்டல் நீலி மாறன் செம்பி. குடி, தாய், தகப்பன், பிள்ளை. நாலு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். ஏழாம் அத்தியாயத்தில் செம்பிக்கும், சிப்பி பூவி வேலன் மாலன் என்பவனுக்கும் கல்யாணமும் செய்து வைத்தேன். குடி வேறு, தாய் வேறு, தகப்பன் வேறு. தடை ஒன்றுமில்லை.

அம்மா அன்றைக்குச் சுளகில் புளி வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தா. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டா. "இந்த மாறனும் வேலனும் ஆர்?" என்றா. அண்ணன் தம்பி என்றேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே நான்தான் அப்படி எழுதியிருந்தேன். அம்மா கை நின்றுவிட்டது. இரண்டு புளியங்கொட்டையை எடுத்துப் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. ஒவ்வொன்றுக்கும் அருகே பெண்சாதிக்கு ஒரு கொட்டை, கீழே பிள்ளைக்கு ஒரு கொட்டை. கீழே இருந்த இரண்டையும் விரலால் தொட்டா. "பெரியப்பான்ர மகன். அவளுக்கு அண்ணன். அவனையா கட்டி வைக்கிறாய்?"

என் விதியின் ஓட்டை அந்தப் பாயில் தெளிவாகத் தெரிந்தது. தாய்வழிக் குடி, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளைப் பிடித்துவிடும். அவர்கள் ஒரே குடி. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளை அது பிடிக்காது. அண்ணனும் தம்பியும் வேறு வேறு குடியில் பெண் எடுத்தால் பிள்ளைகள் வேறு வேறு குடியாகிவிடுவார்கள். ஊரில் இது பிரச்சினையாகாததற்குக் காரணம் எல்லாரும் முறை தெரிந்தவர்கள். அந்நியன் ஒருவன் பேரை மட்டும் கேட்டு முறை சொல்லவேண்டும் என்றால், தகப்பனின் குடியும் பேரில் இருக்கவேண்டும்.

அன்று இரவே மாற்றி எழுதினேன். தாய்ப்பக்கத்துக்கு 'வயிறு', தகப்பன் பக்கத்துக்குத் 'தோள்' என்று இரண்டு அடையாளச் சொல் வைத்தேன். 'வயிறு' அம்மம்மா தந்த சொல். கண்டல் நீலி வயிறு, கொக்கு மாறன் தோள், செம்பி. சிப்பி பூவி வயிறு, கொக்கு வேலன் தோள், மாலன். இப்போது இரண்டு தோளிலும் கொக்கு இருக்கிறது. வயிற்றில் குடி ஒன்றானாலும் தோளில் குடி ஒன்றானாலும் கூடப்பிறந்த முறை. வேறு விதி வேண்டாம்.

மறுநாள் அம்மாவுக்கு முன்னால் கொட்டையை வைத்து மச்சான் முறையையும் சோதித்தேன். மாறனின் தங்கைக்கு ஒரு மகன். தங்கையும் கொக்கு என்பதால் அவன் வயிற்றில் கொக்கு வரும். செம்பிக்குக் கொக்கு தோளில். ஒன்றுக்கொன்று நேர் இடத்தில் இல்லை, கட்டலாம். நீலியின் அண்ணன் மகனுக்குக் கண்டல் தோளில் வரும், செம்பிக்கு வயிற்றில். அதுவும் கட்டலாம். அம்மா தலையாட்டினா. பிறகு கேட்டா, "தகப்பன் ஆரெண்டு சொல்லாத பிள்ளைக்கு?"

அந்த இடத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. தாயின் அண்ணனோ தம்பியோ தோள் கொடுப்பதாக வைத்தேன். அவனும் அதே குடி, ஆகவே பேரில் ஒரே குடி இரண்டு தரம் வரும். கேட்பவர், முறை தவறிய கல்யாணத்துப் பிள்ளை என்று நினைத்துவிடக்கூடும். அதனால் அங்கே 'தோள்' என்று மட்டும் சொல்லாமல் 'அம்மான் தோள்' என்று சொல்லவேண்டும். ஒரு சொல்தான், அது பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

போன முறை ஊருக்குப் போனபோது புளியடிக்குப் போனேன். கல் அப்படியே நின்றது. நொக்ஸ் குடும்பத்துக்கு நம் குடிகள் இல்லை, ஆனாலும் மகனின் தாயுடைய பேர் பதிவில் இருக்கிறது: அபிகேல். கல்லுக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அபிகேல் வயிறு, ராபர்ட் தோள், ராபர்ட். தகப்பன் வேறொரு தாயின் வயிறு. அம்மம்மா கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வியில் இரண்டு பேரும் பிரிந்து தனித்தனியே நின்றார்கள்.