நடுவில் மூன்று மணி நேரம்

தில்லி ஆர்.கே.புரத்தில் இட்லி மாவு விற்கும் அக்காவின் கடை பிற்பகல் 2 முதல் 5 வரை பூட்டியிருக்கும். இணைய வரைபடத்தில் யாரோ சேர்த்திருந்த குறிப்போ, காலை 7 முதல் இரவு 9 வரை திறந்திருப்பதாகச் சொல்லிற்று. ‘திறந்திருக்கும்’ என்ற ஒற்றை வினை அந்த மூன்று மணி நேரத்தை விழுங்கிவிட்டதே என்பது மொழியியல் படித்தவனின் கவலை. பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் வாங்காத மாவு மறுநாள் புளித்துவிடுமே என்பது அக்காவின் கவலை.

புதிதாகப் பதிந்தால் ஒரே கடை இரண்டாகத் தெரியும். ஆகவே, இருந்த பதிவுக்கே கூகுளில் உரிமை கோரினோம். சான்றாகக் காணொளி கேட்டார்கள்: தெரு, பெயர்ப்பலகை, சாவியால் கதவைத் திறப்பது எல்லாம் இடையறாத ஒரே பதிவில் வேண்டும். நான் முதலில் அந்தி மயங்கியபின் எடுத்தேன். பலகை எழுத்தே தெரியவில்லை. மறுநாள் காலையில் எடுத்தது ஏற்கப்பட்டது.

பெயரோடு ‘சுத்தமான இட்லி மாவு’ என்று சேர்க்க அக்கா விரும்பினார். பலகையிலுள்ள பெயர் மட்டுமே கூடும் என்பது விதி. எனவே அதை விவரக் குறிப்பில் எழுதினோம். ஒரே நாளுக்கு இரு நேரப்பகுதிகள் இடலாம்: 7–2, 5–9. பொங்கல் விடுமுறையைச் சிறப்பு நேரமாகத் தனியே குறித்தோம்.

“மூணு மணிக்கு இப்ப யாரும் கதவைத் தட்டுறதில்லை, தம்பி” என்றார் அக்கா. அந்நேரம் அவர் மாவரைத்துக்கொண்டிருப்பார்.