இரண்டு காகிதமும் டேலி ஆகணும்!

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பி.காம். மாணவர்கள் இரண்டு காகிதங்களுக்காக நிச்சயம் அலைவார்கள். ஒன்று டிரான்ஸ்கிரிப்ட். இன்னொன்று, பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்று சொல்லும் மீடியம் லெட்டர். இரண்டும் ஒரே ஜன்னலில் கிடைக்கும் என்று நினைத்துக் கிளம்பினால் அங்கேயே முதல் சிக்கல்.

நம்மூரில் பெரும்பாலான கல்லூரிகள் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தேர்வு வைத்து மார்க் போடுவது பல்கலைக்கழகம். அதனால் ஆறு செமஸ்டர் மதிப்பெண்களையும் சேர்த்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட், அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து வர வேண்டும். வகுப்பு எடுத்தது கல்லூரி. அதனால் மீடியம் லெட்டரில் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவது பிரின்சிபால். (பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்துதான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. முதலிலேயே மெயில் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.)

ஒரு மாணவியின் கதையைப் பாருங்கள். 2024-ல் பி.காம். முடித்தவள். அவள் படித்த கல்லூரியில் தமிழ் மீடியம், ஆங்கில மீடியம் என்று இரண்டு செக்‌ஷன். அவள் ஆங்கில மீடியம். பிரிட்டனில் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்திருந்தாள். ஆபீசில் போய், "சார், மீடியம் சர்டிபிகேட் வேணும்" என்றாள்.

"பி.எஸ்.டி.எம்.தானேம்மா? ஸ்கூல்லயும் வாங்கிட்டியா?"

அவர் மேல் தப்பில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-ல் அதைத் திருத்தினார்கள். அதனால் மீடியம் என்றாலே அந்த ஜன்னலில் தமிழ் மீடியம்தான். இவளுக்கு வேண்டியது நேர் எதிரான காகிதம்!

விளக்கிச் சொன்னதும் டைப் அடித்துக் கொடுத்தார்கள். "எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன" என்று ஒரே வரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: "மதிப்பெண் பட்டியலில் தமிழ் என்று நான்கு தாள்கள் இருக்கின்றனவே? விளக்கம் தேவை." கடைசி நாளுக்கு இன்னும் பத்தே நாள்.

விஷயம் இதுதான். நம் பி.காம்.மில் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில்தான் அக்கவுண்டன்சி, காஸ்டிங், கம்பெனி சட்டம் எல்லாம். தமிழ்ப் பாடத்தை ஆங்கிலத்தில் யாரும் நடத்தியிருக்க முடியாது. நமக்கு அது சொல்லாமலே புரியும். கடல் தாண்டி உட்கார்ந்து இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு, ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்குகிறது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாத மாதிரி.

மறுபடி கல்லூரிக்கு ஓடினாள். துறைத்தலைவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்த பிறகு புது லெட்டர் வந்தது. அதில் அவள் பெயர், பதிவு எண், படித்த ஆண்டுகள். பிறகு, பார்ட் ஒன் மொழிப்பாடமான தமிழ் தவிர மற்ற எல்லாத் தாள்களும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, தேர்வும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்று ஒரு வாக்கியம். அந்த "தேர்வும்" முக்கியம். ஆங்கில வழியில் படித்தாலும் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே பாடம் ஆங்கிலம் என்றால் தேர்வும் ஆங்கிலம் என்று யாரும் தானாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில் எழுதியவர்கள் இந்த வரியைக் கேட்கவும் கூடாது.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் லெட்டரை ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவுக்கு, ஆங்கிலத் திறனைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுச் சொல்ல வழி இருக்கிறது. அதனால்தான் அங்கே இந்த லெட்டருக்கு மதிப்பு. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் இஷ்டம். மறுத்தால் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதத்தான் வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டிரான்ஸ்கிரிப்டுக்கு மனு போடுங்கள், அதுதான் தாமதமாகும். ஒட்டிய உறையில் கேட்டிருந்தால், வாயில் முத்திரை குத்திய அந்த உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் செல்லாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கென்று தனியாக ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரின் இனிஷியல் முதல் தமிழ்த் தாள் வரை ஒத்துப்போகிற மாதிரி லெட்டரின் வாசகத்தை நீங்களே எழுதி ஆபீசில் கொடுங்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம்.