காவடிக்கு மேலே ட்ரோன்

சிம்பாங் ரெங்கத்தில் தைப்பூசக் காவடியை மேலிருந்து படம்பிடிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தூரம். 2016ஆம் ஆண்டு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிகள் அதை மீட்டர் கணக்கில் சொல்கின்றன.

ஏற்பாடு செய்த திறந்தவெளிக் கூட்டம் 1,000 பேரைத் தாண்டினால், கேமரா பொருத்திய ட்ரோன் அதன் மேலேயும் 150 மீட்டருக்குள்ளும் பறக்கக் கூடாது. ஆட்களுக்கும், தன் பொறுப்பில் இல்லாத கட்டடங்களுக்கும் 50 மீட்டர் இடைவெளி வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களிடமிருந்து 30 மீட்டர். உயர வரம்பு 400 அடி. இவற்றை மீற வேண்டுமென்றால் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. கோயில் தலைவர் தலையாட்டினால் மட்டும் போதாது.

கோபுரம் இன்னொரு சிக்கல். பேட்டரி குறைந்தாலோ சிக்னல் அறுந்தாலோ ட்ரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்கே நேர்கோட்டில் திரும்பும். அந்தத் திரும்பு உயரம் கோபுரத்தைவிடக் குறைவாக இருந்தால் கலசத்தில் மோதி, கீழே நிற்கும் பக்தர்கள் தலையில் விழும். ஆகவே பறக்கவிடுமுன் அந்த உயரத்தைக் கூட்டி வைப்பார் அனுபவசாலி. கூட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்று ஏற்றுவார்.

தரையில் நடந்து படம்பிடிக்கும் கிம்பலுக்கு இந்த மீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் காவடிக்கு முன்னால் பின்நோக்கி நடப்பவர், பின்னால் ஒருவர் வழிகாட்டாவிட்டால், பால்குடத்தில்தான் இடிப்பார். அலகு குத்தும்போது முகத்தருகே கேமராவை நீட்டுமுன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். கருவறைப் பக்கம் திரும்புமுன் குருக்களிடம் கேளுங்கள்.