கட்டிலின் படம்

அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு குழந்தைக் கட்டிலின் படம் அனுப்பினான். நண்பர் வீட்டுப் பழையதாம், பேரனுக்கு ஆகுமா என்று கேட்டான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்க மரத்தடுப்பின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை இரும்புக் கம்பி. ஏற்றி இறக்கும் தடுப்பு!

இவன் கைக்குழந்தையாக இருந்தபோது புதுச்சேரியில் நாங்கள் வைத்திருந்ததும் அதே வகைதான். ஒருநாள் கொக்கி தேய்ந்து, தடுப்பின் ஒரு மூலை கழன்றுவிட்டது. மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே விழுந்த சந்தில் இவன் தலை மாட்டிக்கொண்டது. நல்லவேளை, மனைவி பார்த்துவிட்டாள்.

அமெரிக்காவில் 2011 முதல் இந்த வகையை விற்கவே தடை. கொக்கி தேய்ந்திருப்பது படத்தில் தெரியாது. ஆனால் கம்பி தெரிந்தாலே போதும்.

"வேண்டாம்டா, நாலு பக்கமும் அசையாத கட்டிலாகப் பார்" என்று எழுதினேன். அந்தப் பழைய கதையையும் அவனுக்கு இன்றுதான் சொன்னேன்.