வெளுத்துப்போன பின்னணி

மாணவர்கள் கொண்டுவரும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் பட்டைகளுக்கு முன் நான் பார்ப்பது அவற்றைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தை. அந்த இடம் காகிதம் போல வெள்ளையாக இருந்தால், அசல் கோப்பைத் திறக்கச் சொல்வேன்.

கேமரா தரும் அசல், 16 பிட் TIFF கோப்பு. ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளி 0 முதல் 65,535 வரை ஓர் எண்ணாகப் பதிவாகிறது. சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாயல்கள்தான். ஆகவே கான்ட்ராஸ்டைத் தொட்டாலே தப்பு என்பது சரியல்ல. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணம். மருந்து கொடுக்காத செல்களின் பட்டை 40,000, மருந்து கொடுத்த செல்களின் பட்டை 1,900, பின்னணி 1,200 என்று வைத்துக்கொள்வோம். ImageJ-இல் அதிக எண் கறுப்பாகத் தெரியும்படி படத்தைத் திருப்பி, Minimum 1,000, Maximum 40,000 என்று வைத்தால் இரண்டாவது பட்டை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். Maximum-ஐ 5,000-க்கு இறக்கினால் அது நன்றாகத் தெரியும். முதல் பட்டை முழுக்கக் கறுத்துவிடுவதால் இரண்டின் அளவையும் அந்தப் படத்தில் ஒப்பிட முடியாது. இரண்டு படங்களையும் அருகருகே போடலாம், அதில் ஒளிவுமறைவு இல்லை. Minimum-ஐ 2,000-க்கு ஏற்றிப் பாருங்கள்: மங்கலான பட்டை பின்னணியோடு சேர்ந்து காணாமல் போகும். மருந்து புரதத்தை முற்றிலும் நிறுத்திவிட்டது என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

படம் முழுவதற்கும் ஒரே சீராகச் செய்த மாற்றம்தானே என்று வாதிடுவார்கள். 2004-இல் ராஸ்னரும் யமடாவும் ‘ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி’யில் விளக்கிய விதிகளில் அது ஒரு பாதிதான். எந்தக் கூறையும் தனியாக எடுப்பாக்கவோ, மறைக்கவோ, நகர்த்தவோ, நீக்கவோ, புதிதாகச் சேர்க்கவோ கூடாது என்பது மறுபாதி. காமாவை மாற்றினால் படக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். என் கணக்கில், இருந்த பட்டையை அழித்த அந்த 2,000 மோசடிதான்.

வெட்டி ஒட்டுவதும் அப்படியே. ஒரே மெம்பிரேனில் நடுவிலுள்ள லேன்களை விட்டுவிடலாம், ஆனால் வெட்டிய இடத்தில் கோடு தெரிய வேண்டும். வெவ்வேறு மெம்பிரேன்களை ஒன்றுபோலக் காட்டவே கூடாது. கோடில்லாமல் ஒட்டியதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது: கான்ட்ராஸ்டை எல்லைவரை ஏற்றினால் பின்னணியின் புள்ளித்தடம் ஒரே நேர்கோட்டில் முறிந்து நிற்கும். பத்திரிகை அலுவலகத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். பின்னணியை வெளுத்துவிட்டால் இந்தச் சோதனைக்கே இடமிருக்காது; அதனால்தான் வெள்ளையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்.

ImageJ-இல் Minimum, Maximum வைத்தபின் Apply பொத்தானை அழுத்தினால் படத்தின் எண்களே மாறிவிடும். நகலில் மட்டும் அழுத்துங்கள், அளவீட்டை அசலில் எடுங்கள், வெட்டாத முழுப் பிளாட்டையும் கட்டுரையோடு அனுப்புங்கள்.